வெயிலில் மண், சாரலில் துணி: வீட்டிலிருந்து நகை செய்யும் சகோதரிகளுக்கு



நம் அறக்கட்டளையிடம் வட்டியில்லாக் கடனாக 5,000 ரூபாய் பெற்ற ஒரு சகோதரி, நான்காம் மாதம் தவணை கட்ட முடியவில்லை என்று தன் தாயாருடன் அலுவலகத்துக்கு வந்தார். சுடுமண் நகை செய்து விற்கத்தான் அந்தக் கடனை வாங்கியிருந்தார். செய்த நகைகள் விற்றும்விட்டன. ஆனால் கையில் காசு இல்லை. எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. அவருடைய குறிப்புகளையும் சில்லறைச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அதில் தெரியவந்ததை அவருடைய அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம். இதே தொழிலைத் தொடங்க நம்மிடம் கடன் கேட்டு இன்னும் சிலர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் எங்கள் வேலையும் குறையும்.

சகோதரி விற்ற இடம் சரியான இடம்தான். குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. அவருடைய தங்கை கல்லூரி மாணவி. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான பிறகு, மாவட்ட அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்களும் இங்கே கூடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா அப்படி ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர். கடை வாடகை இல்லை, விளம்பரச் செலவும் இல்லை. தங்கை ஒரு ஜோடி ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாலே நாலு பேர் கேட்பார்கள்.

ஆனால் இந்த வட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. பஸ் நிலையத்துக் கடையில் வாங்கிய கம்மல் உடைந்தால் யாரும் திரும்பிப் போய்க் கேட்பதில்லை. தோழியின் அக்காவிடம் வாங்கியது உடைந்தால் மறுநாளே அது கைக்கு வந்துவிடும், அதோடு வகுப்பு முழுவதற்கும் செய்தி போய்விடும். ஆகவே முதல் இருபது ஜோடியை உடையாத நகையாகக் கொடுப்பதுதான் அழகைவிட முக்கியம். சகோதரி சறுக்கியது இங்கேதான்.

கல்லூரி திறக்கும் நேரம் என்று அவர் ஜூன் மாதத்தில் மண்ணைக் கையில் எடுத்தார். ஜூனில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருவியில் தண்ணீர் விழத் தொடங்கினால் கொடியில் போட்ட துணியே இரண்டு நாள் காயாது. போதாததற்குக் காற்று வேறு. மண் நகை காயும்போது உள்ளும் புறமும் ஒரே சீராகக் காய வேண்டும். சாரல் காற்றில் விளிம்பு சீக்கிரம் இறுகிவிடும், நடுவில் ஈரம் நிற்கும். இறுகிய பகுதி சுருங்கி, சுருங்காத பகுதியை இழுக்கும். முடியளவுக்கு ஒரு கீறல் விழும். வண்ணம் பூசினால் அது மறைந்துவிடுவதால் செய்தவருக்கே தெரியாது. போட்டுக்கொண்ட பெண் பஸ்ஸில் கம்பியில் காதை இடித்துக்கொள்ளும்போதுதான் தெரியும்.

மண் வேலையை அடிப்படையிலிருந்து சொல்லிவிடுகிறோம். நகைக்கென்று சலித்துப் பிசைந்த மண் பொட்டலமாகவே கிடைக்கிறது. குளத்து மண்ணை எடுத்துச் செய்வதானால் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கல்லும் வேரும் போக்கிக்கொள்ள வேண்டும். எந்த மண்ணானாலும் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, ஒரு நூலால் நடுவே அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தில் ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. இன்னும் பிசைய வேண்டும். ஜிமிக்கியின் குடைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம் போதும். கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு காதுக்கு 10 கிராமுக்கு மேல் போனால் மாலையில் காது வலிக்கும், அந்தப் பெண் இரண்டாவது முறை வாங்கமாட்டார். கொக்கி போடும் துளையை மண் சற்று இறுகியதும், முழுதும் காயும் முன் குத்த வேண்டும். காய்ந்தும் சுட்டும் முடிப்பதற்குள் மண் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும், துளையும் அதோடு சிறுக்கும். அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாகவே குத்துங்கள்.

காயவைப்பது நிழலில். முதல் நாள் மேலே ஒரு மெல்லிய துணியோ செய்தித்தாளோ மூடியிருக்க வேண்டும். தினம் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளக் குயவர்கள் செய்வதையே நாமும் செய்யலாம்: பொருளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கையில் உலர்ந்ததுபோலத் தோன்றும் துண்டும் கன்னத்தில் உண்மையைச் சொல்லிவிடும். ஈரத்தோடு நெருப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் துண்டை வெடிக்கச் செய்யும். வெடித்த சில்லு பக்கத்துத் துண்டுகளையும் கெடுக்கும். சகோதரியின் முதல் இருபது ஜோடியில் நான்கு ஜோடி இப்படித்தான் போயின.

சுடுவதில் இன்னொரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கேக் சுடும் அடுப்பில் 250 டிகிரியில் வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெறும் காயவைத்தல்தான், தண்ணீர் பட்டால் அது மறுபடி சேறாகும். மண் திரும்பக் கரையாத சுடுமண்ணாக மாற 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உள்ளே இருக்கும் துண்டுகள் மங்கிய சிவப்பாகக் கனன்று தெரிந்தால் அந்தச் சூட்டை எட்டிவிட்டது என்று அடையாளம். வீட்டில் செய்பவர்கள் துளையிட்ட பழைய மண்பானையில் உமியும் அடுப்புக்கரியும் அடுக்கி, நடுவில் நகைகளை வைத்து, முதல் ஒரு மணி நேரம் மிக மெதுவாகச் சூடேற்றி, பிறகு கரியை முழுதாகப் பிடிக்கவிட்டு, அணைந்த பின் இரவு முழுவதும் தானாக ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காற்றுப் பட்டுக் கீறிவிடும். இதை வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. நெருக்கமான தெருவில் வீடு உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. புகையால் பக்கத்து வீட்டாரோடு மனவருத்தம் வந்ததுதான் மிச்சம் என்று ஒருவர் எங்களிடம் சொன்னார்.

அதைவிட நல்ல வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கோட்டைக்கு அருகே தேன்பொத்தையிலும், சற்றுத் தள்ளிப் போனால் காருகுறிச்சியிலும் மண்பாண்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். காய்ந்த நகைகளை மூடி போட்ட சிறு கலயத்தில் உமியோடு அடுக்கி, அவர்கள் சூளை வைக்கும் நாளில் பானைகளுக்கு இடையே வைத்துத் தரும்படி கேட்கலாம். கூலி பேசிக்கொள்ள வேண்டும். மூடிய கலயத்தில் காற்றுப் படாததால் நகை கறுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ வரலாம். அது கெட்டுப்போனதல்ல. வண்ணம் பூசாமல் செம்மண் நிறத்திலேயே விற்க வேண்டுமானால் மட்டும் மூடியைச் சற்று விலக்கிக் காற்றுப் படும்படி வைக்கச் சொல்லுங்கள்.

சுட்டு வந்த துண்டுகளை நகத்தால் தட்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும். கீறல் விட்டது செத்த ஓசை தரும். ஒவ்வொரு சூட்டிலும் ஒரு துண்டை எடுத்து இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் விளிம்பு மழுங்கி விரலில் மண் ஒட்டினால் அந்தச் சூடு முழுவதும் வேகவில்லை, இன்னொரு முறை சுட வேண்டும். இந்த இரண்டு சோதனையும் தாண்டாத ஒன்றைக்கூட வண்ணம் பூச எடுக்காதீர்கள்.

வண்ணம் அக்ரிலிக், மேலே ஒரு கை வார்னிஷ். விற்கும்போது வாங்குபவரிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: சென்ட்டும் அத்தரும் பூசிக்கொண்ட பிறகு, அது உலர்ந்த பின்தான் இந்த நகையைப் போட வேண்டும். சென்ட்டில் உள்ள ஆல்கஹால் வண்ணத்தை இளக்கும். அத்தரின் எண்ணெய் வார்னிஷ் இல்லாத இடத்தில் மண்ணுக்குள் இறங்கிக் கறையாக நிற்கும். பெருநாளைக்கு விற்ற ஒரு செட் அப்படித்தான் திரும்பி வந்தது.

முதல் தொகுதியில் திரும்பி வந்த இரண்டு ஜோடிகளில் ஒன்றில் மண் நன்றாகவே இருந்தது. கெட்டது கொக்கி. மலிவான கொக்கி வாங்கியிருந்தார். அதில் இருந்த நிக்கல் அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் அரிப்பு, மூன்றாம் நாள் துளையிலிருந்து நீர் வடிந்தது. நிக்கல் ஒவ்வாமை பலருக்கும் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் நகையில் அதன் அளவுக்குச் சட்டமே வைத்திருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி, அதிலும் சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்பது, ஜோடிக்குச் சில ரூபாய் கூடுதல்தான். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது வேண்டாம்.

இனி கணக்கு. இருபது ஜோடி செய்தார், நான்கு போக மிஞ்சியது 16. மண்ணுக்கு 48 ரூபாய், சுட 60, வண்ணமும் வார்னிஷும் 72, பதினாறு ஜோடிக்குக் கொக்கி 80, அட்டையும் உறையும் 64. ஆக 324 ரூபாய். ஜோடிக்கு ஏறத்தாழ 20 ரூபாய். எனவே 60 ரூபாய்க்கு விற்றால் 40 ரூபாய் லாபம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தன் நேரத்தை அவர் எழுதவே இல்லை. நாங்கள் கேட்டுக் கேட்டு எழுதினோம். உருவாக்க ஜோடிக்கு 20 நிமிடம். உடைந்தவற்றுக்கும் அந்த நேரம் போனது போனதுதான். வண்ணத்துக்கு 15, கொக்கி மாட்டி உறையிட 5, சுடும்போது காவலாக 2 மணி நேரம். மொத்தம் 14 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும் 700 ரூபாய். அதையும் சேர்த்தால் ஒரு ஜோடியின் அடக்கமே 64 ரூபாய். விலை 60!

அதோடு முடியவில்லை. பதினாறில் ஒன்பதுக்குத்தான் பணம் வந்தது. இரண்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்து கடன். ஒன்பது ஜோடிக்கு 540 ரூபாய், அதில் பொருள் செலவு 324 போக மிச்சம் 216. பதினான்கு மணி நேர உழைப்புக்கு இது மணிக்கு 15 ரூபாய் சொச்சம். இதில் தவணை எப்படிக் கட்ட முடியும்?

கடன் எப்படி ஏறியது என்று கேட்டதற்கு, “அக்கா, எடுத்து வையுங்க, ஒண்ணாம் தேதி தாரேன்னு சொல்லும்போது எப்படி மறுக்க?” என்றார். மறுக்க வேண்டியதில்லை, எழுதினால் போதும். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். நம் பெண்கள் அதை ஓதுகிறார்கள், ஆனால் தோழியிடம் எழுதச் சங்கடப்படுகிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், தேதி, தொகை, தருவதாகச் சொன்ன நாள் ஆகியவற்றை வாங்குபவர் கையாலேயே எழுதவையுங்கள். தன் கையால் எழுதியவர் மறப்பதில்லை. ஒருவருக்கு ஒரு நகைதான் கடன். அது தீர்ந்த பிறகே அடுத்தது. அலுவலகத்தில் சம்பள நாளை ஒட்டியும், விடுதி மாணவிகளிடம் வீட்டிலிருந்து பணம் வரும் மாதத் தொடக்கத்திலும் கொண்டுபோனால் கடன் கேட்பதே பாதியாகக் குறையும். தேர்வு வாரத்தில் போகாதீர்கள். அப்போது யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள்.

விலையை 100 ரூபாயாக வைக்கச் சொன்னோம். அடக்கம் 64, திரும்பி வருவதற்கும் விற்காமல் தங்குவதற்கும் 10, விற்றுத்தரும் மாணவிக்கு 10, மீதி 16 அடுத்த தொகுதிக்கு முதல். நூறு ரூபாய்க்கு யார் வாங்குவார்கள் என்று பயந்தார். அவ்வளவு முடியாதவர்களுக்கு 40 ரூபாயில் சிறிய பொட்டுக் கம்மல் செய்து வைத்தார். அதில் மண்ணும் நேரமும் குறைவு. ஜிமிக்கியின் விலையை மட்டும் யாருக்காகவும் இறக்கவில்லை. ஒருவருக்கு இறக்கினால் அடுத்த நாள் வகுப்பில் அதுதான் விலை.

சரி, சாரல் மாதங்களில் என்ன செய்வது? பிப்ரவரியிலிருந்து மே வரை மண் வேலையை முடித்து, சுட்ட துண்டுகளை வண்ணம் பூசாமல் டப்பாவில் இருப்பு வைத்துவிடுங்கள். சுட்ட மண் ஈரத்துக்குப் பயப்படாது. ஜூனில் கல்லூரி திறந்ததும் கேட்கும் நிறத்தில் பூசிக் கொடுக்கலாம். சாரலிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையிலும் கை ஓய வேண்டாம், துணியை எடுங்கள்.

துணி நகையில் சகோதரிக்கு ஒரு நல்ல வழி தானாகவே கிடைத்தது. பக்கத்து வீட்டம்மா தன் சேலைக்கு ஜாக்கெட் தைத்த பிறகு மிஞ்சிய துண்டைக் கொடுத்து, இதிலேயே ஒரு கம்மலும் மாலையும் செய்துதரக் கேட்டார். அதைப் பார்த்த மற்றவர்களும் தத்தம் துண்டுகளோடு வந்தார்கள். அலுவலகப் பெண்களுக்குச் சேலைக்கு ஏற்ற நகை என்றால் விலை ஒரு பொருட்டல்ல. நமக்கோ துணிச் செலவே இல்லை, விற்காமல் தங்கும் என்ற பயமும் இல்லை. கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, மேலே துணியை இழுத்து ஒட்டி, பின்னால் ஃபெல்ட் துணி வைத்துத் தைத்து முடிப்பதுதான் வேலை. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மைதாப் பசை ஆகாது. நம் ஊர் ஈரத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து வாடை வரும். துணிக்கென்று விற்கும் பசையையே பயன்படுத்துங்கள். இன்னொன்று சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் துண்டை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வியர்வையில் கழுத்திலும் ஒட்டும். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மணி வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனெனில் அதில் போன பணம் அதிகம், வந்த பயன் குறைவு. கடன் பணத்தில் 1,800 ரூபாய்க்கு முப்பது நிறத்தில் மணி வாங்கிவிட்டார். இன்றும் பெரும்பாதி டப்பாவில் கிடக்கிறது. தொடக்கத்தில் கறுப்பு, பொன்னிறம், மெரூன், பச்சை, முத்து வெள்ளை ஆகிய ஐந்து நிறம் போதும். மண் பதக்கத்துக்கும் துணிப் பதக்கத்துக்கும் சரமாக இவைதான் போகும். சாதாரண நூலில் கோக்காதீர்கள். மணியின் துளை விளிம்பு நூலை அறுக்கும். நகைக் கடைக்காரர்கள் கியர் வயர் என்று கேட்டால் தருவார்கள். முனையை முடிச்சிடாமல் கிரிம்ப் மணி போட்டு நசுக்க வேண்டும். கோத்து முடித்ததும் ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். அறுவதானால் உங்கள் கையிலேயே அறட்டும்.

நம் பிள்ளைகளில் பலர் ஹிஜாப் அணிபவர்கள். ஜிமிக்கி அவர்களுக்கு வெளியே தெரியாது, துணியில் சிக்கிக் காதையும் இழுக்கும். தங்கையின் தோழிகள் சொல்லித்தான் இது எங்களுக்கே உறைத்தது. அவர்களுக்குத் தட்டையான சிறு கம்மல், மணி வளையம், துணிப் பூ வைத்த ஹிஜாப் பின் ஆகியவை போகின்றன. பின் விற்பனையே இப்போது மாதத்தில் நல்ல பங்கு. இன்னொன்று, சந்தையில் கிடைக்கும் அச்சுகளில் யானை, மயில், தெய்வ உருவங்கள்தான் அதிகம். உருவம் செய்ய மாட்டேன் என்று சகோதரி முதலிலேயே முடிவெடுத்தார், விற்பனை குறையுமோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது. குறையவில்லை. மல்லிகை மொட்டு, இலை, கோடும் புள்ளியும் போட்ட வட்டம் இவற்றையே எல்லாச் சமூகத்துப் பெண்களும் தினசரி உடுப்புக்கு ஏற்றது என்று கேட்கிறார்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மகளிர் திட்டம் கல்லூரி வளாகங்களில் நடத்தும் கல்லூரிச் சந்தையில் இடம் கேட்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்டப் பிரிவில் விசாரியுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்தில் இலவசம். பதிந்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஆனால் நம் சகோதரியைப்போல் முதல் ஐம்பது ஜோடியைத் தெரிந்த வட்டத்தில் விற்று, எது திரும்பி வருகிறது என்று பார்த்த பிறகு சந்தைக்குப் போவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. அங்கே வாங்குபவர் மறுநாள் வந்து குறை சொல்லமாட்டார். குறை இருப்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

சகோதரி ஐந்து கடனில் நான்கை வசூலித்துவிட்டார். ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார், நாங்கள் எதுவும் சொல்லவில்லை. தவணையை நான்கு மாதம் தள்ளி வைத்தோம். இந்த ஆண்டு மாசியிலேயே மண்ணில் கை வைத்துவிட்டார். தேன்பொத்தைச் சூளையில் சுட்டு வந்த முதல் கலயத்தில் 24 ஜோடி வைத்ததில் ஒரு ஜோடிதான் கீறியிருந்தது.

அவருடைய மாதிரிகளில் நன்கு சுட்டது, வேகாதது, கீறியது என மூன்று வகையும் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். விண்ணப்பித்த சகோதரிகள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்தால் தட்டியும் தண்ணீரில் போட்டும் பார்க்கலாம். வரும்போது நீங்கள் செய்ய நினைக்கும் ஒரு நகைக்கான செலவையும், அதற்கு ஆகும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் கடன் தொகையைப் பேசுவோம்.